மூடிய உறைக்குள் ஒரு கேள்வி

டாரோட் அட்டைகளைப் பிறருக்குப் பிரித்துச் சொல்வது அவ்வளவு கடினமில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பதில் வந்தாலும் நமக்குத் தூக்கம் கெடப் போவதில்லை. தனக்கே பார்க்கும்போதுதான் சிக்கல். அதுவும் ஒரே ஒரு பதில்தான் வேண்டும், வேறு எது வந்தாலும் தாங்க முடியாது என்ற நிலையில் அட்டைக்கட்டை எடுத்தால், படிப்பது அட்டையையா நம் ஆசையையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வானொலியில் பேசுவது என் தொழில். அட்டை பிரிப்பது பொழுதுபோக்கு. அதில் எதிர்காலம் தெரியும் என்று நான் வாதிட மாட்டேன். மனத்தில் குழம்பிக் கிடப்பதை எதிரில் பரப்பி வைத்துப் பார்க்க அந்தப் படங்கள் உதவுகின்றன என்பதுதான் என் கணிப்பு. அந்த அளவுக்குக்கூட உதவ வேண்டுமென்றால், ஆசையைக் கொஞ்ச நேரமாவது வெளியே நிறுத்தி வைக்கத் தெரிய வேண்டும்.

டாரோட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. குறி பார்க்கும் பழக்கம் பெரிதாகப் பரவியது 18ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான். இன்று கோலாலம்பூர் புத்தகக்கடையில் வாங்கும் கட்டுகளில் பெரும்பாலானவை 1909இல் லண்டனில் வெளிவந்த ஒரு கட்டின் வாரிசுகள். ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமிலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தது அது. மொத்தம் 78 அட்டைகள். அதற்குமுன் பெரும்பாலான கட்டுகளில், ஐந்து கிண்ணம் என்றால் வெறுமனே ஐந்து கிண்ணங்களை அடுக்கி வரைந்திருப்பார்கள். பமிலா பெரும்பாலான அட்டைகளில் மனிதர்களையும் காட்சிகளையும் வைத்தார். புதியவருக்கும் அட்டை பேச ஆரம்பித்தது அதனால்தான். படத்தில் ஒரு மனிதர் இருந்தால் அவரைச் சுற்றி நாம் ஒரு கதை கட்டிவிடுவோம். வேண்டிய கதையையே கட்டிக்கொள்ளும் வசதியும் அதோடு சேர்ந்தே வந்தது.

கிள்ளானில் இருக்கும் ஒரு தங்கையின் கதையை அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். அவருக்குப் பினாங்குக்கு மாற்றலோடு பதவி உயர்வு வந்திருந்தது. ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அவருக்கோ இங்கேயே இருக்க ஆசை. நான்கு மாதங்களுக்கு முன்பு பிரிந்துபோனவர் திரும்பி வரும்போது தான் கிள்ளானில் இல்லாவிட்டால் என்ன ஆவது என்பதுதான் காரணம். "அவர் திரும்பி வருவாரா?" என்று கேட்டு அட்டை எடுத்திருக்கிறார்.

முதலில் வந்தது எட்டுக் கிண்ணம். அடுக்கி வைத்த எட்டுக் கிண்ணங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிவப்பு உடையில் ஒருவர் கோலூன்றி மலைப்பக்கம் நடக்கிறார். மேலே நிலா. விட்டுவிட்டுப் போகிறவரின் படம் என்பதற்கு அகராதி தேவையில்லை. தங்கை எப்படிப் படித்தார் தெரியுமா? "அங்கே இருக்கிறதை எல்லாம் விட்டுட்டு என்கிட்ட வர்றாருக்கா."

அதிலும் மனம் அமைதியடையவில்லை. விளக்கத்துக்கு என்று இன்னோர் அட்டை எடுத்தார். மூன்று வாள் வந்தது: மழை மேகத்தின் கீழ் மூன்று வாள்கள் ஊடுருவிய இதயம். "அது முடிஞ்சுபோன வேதனை" என்று தள்ளிவிட்டு, மறுபடியும் ஒன்று எடுத்தார். இரண்டு கிண்ணம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கிண்ணம் மாற்றிக்கொள்ளும் படம். அத்தோடு கட்டை மடித்து வைத்துவிட்டார்.

கணக்கைப் பாருங்கள். கட்டில் பாதி அட்டைகள் நமக்குச் சாதகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் அட்டை எடுத்தால், சாதகமாக வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மூன்று முறை எடுத்து, பிடித்தது வந்தவுடன் நிறுத்தலாம் என்றால், அந்த வாய்ப்பு ஏறக்குறைய எட்டில் ஏழாகிவிடும். அதற்குமேல் அட்டைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. விளக்க அட்டை எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலிலேயே இரண்டு கிண்ணம் வந்திருந்தால் இன்னோர் அட்டை எடுத்திருப்போமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எடுத்திருக்க மாட்டோம் என்றால், பிடிக்காத பதிலுக்கு மட்டும் மறுவிசாரணை நடத்துகிறோம் என்று பொருள்.

நம் கோயில்களில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்பதை முன்கூட்டியே மனத்தில் முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எடுக்கிற பிள்ளைக்கு நம் வீட்டு விவகாரம் தெரியாது. ஆசைப்படுகிறவரின் கண்ணும் கையும் முடிவில் படாதபடி பார்த்துக்கொண்ட ஏற்பாடு அது. (அதையும் மூன்று வாரம் மூன்று கோயிலில் செய்து பார்ப்பவர்கள் உண்டு. அது வேறு கதை.)

இதையே டாரோட்டிலும் செய்யலாம். முதலில் கேள்வியை மாற்ற வேண்டும். "அவர் வருவாரா" என்பது இன்னொருவர் மனம். அதை உறைக்குள் போட முடியாது. நாம் எடுக்கப்போகும் முடிவைத்தான் போட முடியும். ஒரு தாளில் "பினாங்குக்குப் போவது", இன்னொரு தாளில் "கிள்ளானிலேயே இருப்பது". ஒரே அளவுத் தாள், ஒரே மடிப்பு, எழுத்து வெளியே தெரியாத கெட்டி உறை. விஷயம் தெரியாத ஒருவர் உறைகளைக் கலைத்து, மேலே 1, 2 என்று எண் போட வேண்டும். அட்டையைத் தொடுவதற்குமுன் இன்னொன்றும் எழுதிவிட வேண்டும்: எத்தனை அட்டை, எந்த இடத்தில் விழும் அட்டைக்கு என்ன பொருள், தலைகீழாக வந்தால் கணக்கில் எடுப்பதா இல்லையா. பிறகு ஒவ்வோர் உறைக்கும் அட்டை பிரித்து, அது எந்தக் கேள்வி என்று தெரியாமலே, முழுப் பலனையும் பேனாவால் எழுதி முடித்த பிறகே உறையைத் திறக்க வேண்டும்.

தங்கை அப்படியே செய்தார். எண் போட்டது அவருடைய சித்தி மகள். உறைக்கு மூன்று அட்டை: இந்தப் பாதையில் கையில் இருப்பது, இது என்னிடம் கேட்பது, மூன்று மாதத்தில் போய் நிற்கும் இடம்.

முதல் உறைக்கு முதல் அட்டையாக மறுபடியும் அதே இரண்டு கிண்ணம் விழுந்தது. அடுத்து எட்டுக் காசு: பலகையில் உட்கார்ந்து ஒருவர் காசுகளை ஒவ்வொன்றாகச் செதுக்கும் படம். கடைசியில் இரண்டு வாள்: கண்ணைக் கட்டிக்கொண்ட பெண், மார்பின் குறுக்கே இரண்டு வாள், பின்னால் கடல். அவர் எழுதியது இது: "உறவு கையில்தான் இருக்கிறது. பொறுமையாகச் செதுக்கினால் நிலைக்கும். கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும்."

இரண்டாம் உறைக்கு ஐந்து கிண்ணம், நான்கு கிண்ணம், ஆறு வாள். கொட்டிப்போன மூன்று கிண்ணங்களைப் பார்த்துக் குனிந்து நிற்கும் கறுப்பு அங்கிக்காரர்; அவர் பின்னால் இரண்டு கிண்ணங்கள் கவிழாமல் நிற்கின்றன. மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்து, மேகத்திலிருந்து நீளும் கிண்ணத்தை ஏறெடுத்தும் பார்க்காத இளைஞர். பெண்ணையும் குழந்தையையும் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குத் துழாவும் ஒருவர். "தனிமை. கொடுப்பதை ஏற்க மனமில்லை. பிடிக்காத இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்" என்று எழுதினார்.

உறைகளைத் திறந்தோம். 1ஆம் உறையில் பினாங்கு. 2ஆம் உறையில் கிள்ளான்.

தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ அவர் பினாங்குக்கு வருவாராக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இதை வைத்து "அட்டை பினாங்குக்குப் போகச் சொல்லிவிட்டது" என்று முடிப்பது எளிது. நான் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு கிண்ணத்தைப் பார்த்த கணத்திலேயே அவர் முதல் உறைதான் கிள்ளான் என்று மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தார். கைத்தொழிலுக்கான எட்டுக் காசை உறவைச் செதுக்குவதாகவும், முடிவெடுக்க முடியாமல் திணறும் இரண்டு வாளை நம்பிக்கையாகவும் படித்தது அதனால்தான். பினாங்கு என்று நினைத்ததால் இரண்டாவது உறையிடம் கடுமை காட்டினார். கிண்ணங்கள் இரண்டு கவிழாமல் நிற்பதை ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படகை அமைதியான பக்கம் போகிற பயணமாகவும் படிப்பதுண்டு, அதையும் விட்டுவிட்டார். உறை மூடியிருந்தும் ஊகம் உள்ளே நுழைந்துவிட்டது. ஆக, இரண்டு பலனும் செல்லாது.

இரண்டே உறை வைத்தால் இந்த ஆபத்து அதிகம். நான்கு உறை வைப்பது நல்லது. மற்ற இரண்டில் நமக்கு ஆசையோ பயமோ இல்லாத கேள்விகளைப் போடலாம்: பழைய காரை விற்பதா, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்வதா, இப்படி. ஊகிக்கத் தோன்றினால் அந்த ஊகத்தை ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடர வேண்டும்; பிறகு எந்த வரி ஊகத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

திறந்த பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. பலன்களை இடம் மாற்றி வைத்துப் படித்துப் பாருங்கள். காருக்கு எழுதியது வேலைக்கும் அப்படியே பொருந்தினால், அதில் சரக்கு இல்லை. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தன் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தைக் கணித்ததாகச் சொல்லி ஒரு குறிப்புத் தந்தார். உண்மையில் எல்லாருக்கும் ஒரே குறிப்புதான். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டதற்கு, சராசரியாக நான்குக்கு மேல் போட்டார்கள். "பொறுமை தேவை", "பழையதை விடுங்கள்" போன்ற வரிகளுக்கு எந்தக் கேள்வியோடும் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு.

இவ்வளவு செய்தாலும் அட்டை உண்மை சொல்கிறது என்று ஆகிவிடாது. எந்த வரி நம்முடைய ஆசை என்று அடையாளம் காட்டும், அவ்வளவுதான். மருத்துவப் பரிசோதனை முடிவு, நீதிமன்ற வழக்கு போன்றவற்றுக்கு உறையும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். கை நடுங்கும் அளவுக்குப் பதற்றம் இருக்கிற இரவிலும் வேண்டாம்.

அதே கேள்விக்கு நான்கு உறை வைத்து மறுபடியும் பார்க்கலாமா என்று தங்கை கேட்டார். வேண்டாம் என்றேன், பிடிக்காத பதிலுக்கு மறுவிசாரணை என்ற பழைய கதைதான் அது. இரண்டு வருடமாக அவர் பலன் எழுதி வரும் நோட்டில், அன்றைய தேதியில் "பதில் வரவில்லை" என்று எழுதினார். அந்த நோட்டில் அப்படி ஒரு வரி அதற்குமுன் இருந்ததில்லை. மறுநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, பினாங்கில் சம்பளம் எவ்வளவு கூடும், வீட்டு வாடகைக்கு உதவித்தொகை உண்டா, ஆறு மாதத்தில் திரும்பி வர வழி இருக்கிறதா என்று விசாரித்தார்.