இரவு பத்தே முக்காலுக்கு ஒரு ‘அர்ஜென்ட்’

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம். அமெரிக்கக் கடைச் சங்கிலி ஒன்றின் விற்பனை அறிக்கைகளைத் தயாரிப்பது இங்கே ஏழு பேர் கொண்ட ஒரு டீமின் வேலை என்று வைத்துக்கொள்வோம். இரவு 10.45. டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜரிடமிருந்து ஒரு செய்தி விழுகிறது: “டீம், கிளையன்ட் மெயில் பார்த்தீங்களா? நாளைக்குக் காலை ரிவ்யூவுக்குப் போற ரிப்போர்ட்ல வடக்கு மண்டல சேல்ஸ் ரொம்ப அதிகமா காட்டுது. அர்ஜென்ட். யாராவது பாருங்க.”

அடுத்த பத்து நிமிடத்தில் வழக்கமாக நடப்பதை ஐ.டி. ஊழியர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். இருவர் படித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். ஒருவர் உண்மையிலேயே தூங்கியிருப்பார். டீமில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர் மட்டும், “நான் பாக்கறேன் மேம், நைட்டே முடிச்சிடறேன்” என்று எழுதுவார். மேனேஜருக்கு நிம்மதி. இளைஞருக்கோ, உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரியும். தரவை அழித்து மறுபடி ஏற்றும் அனுமதி அவரிடம் இல்லை. அனுமதி உள்ளவரோ தூங்கப் போய்விட்டார். இரவு 2 மணிக்கு “இன்னும் முடியல மேம்” என்று எழுதும்போது, உழைத்த அவர்தான் வாக்குத் தவறியவராகத் தெரிவார். படித்துவிட்டுச் சும்மா இருந்தவர்களுக்கு அந்தக் கெட்ட பெயர் கிடையாது.

அந்தக் கட்டைவிரலும் ஆபத்தானதுதான். போடுபவர் “படித்தேன்” என்ற பொருளில் போடுகிறார். மேனேஜர் அதை “சரி, செய்கிறேன்” என்று எடுத்துக்கொள்கிறார். மூன்று விரல்கள் உயர்ந்திருப்பதைப் பார்க்கும் மற்றவர்கள், யாரோ வேலையை எடுத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொருவரின் பொறுப்புணர்வும் குறைந்துபோவதை 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதனை வைத்தே காட்டினார்கள். “யாராவது பாருங்க” என்ற இரண்டு சொற்கள் அதே நிலைமையைத்தான் குரூப்பில் உண்டாக்குகின்றன. இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே கோப்பை மறுபடி ஏற்றினால், அதிகமாகத் தெரிந்த கணக்கு இன்னும் அதிகமாகிவிடும்.

படிக்காததுபோல இருந்துவிடலாம் என்ற உத்தியும் வெகுதூரம் உதவாது. வாட்ஸ்அப்பில் நீல டிக்கை அணைத்து வைத்திருந்தாலும் அது தனிப்பட்ட உரையாடல்களுக்கு மட்டுமே செல்லும், குரூப்பில் செல்லாது. அனுப்பியவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், யார் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்ற பட்டியலே வந்துவிடும்.

சரி, அப்படியானால் என்ன எழுதுவது? அதற்கு முன், மேனேஜர் அந்த நேரத்தில் ஏன் பதறுகிறார் என்று யோசிக்க வேண்டும். கோடைக்காலத்தில் சென்னையில் இரவு 10.45 என்றால் நியூயார்க்கில் பகல் 1.15. கிளையன்ட் அலுவலகத்தில் எல்லோரும் இருக்கையில் இருக்கிறார்கள். மேனேஜரின் பதிலுக்காக அங்கே ஒருவர் காத்திருக்கிறார். “நாளைக்குக் காலை ரிவ்யூ” என்பது நியூயார்க்கின் காலை 9 மணி என்றால், சென்னைக் கணக்கில் அது மறுநாள் மாலை 6.30. இடையில் முழு வேலை நாள் ஒன்று இருக்கிறது. அதாவது, கணக்கை இன்றிரவே திருத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் அநேகமாக இல்லை. மேனேஜருக்கு இன்றிரவு தேவைப்படுவது, கிளையன்ட்டுக்கு அனுப்பக்கூடிய ஒரு நம்பகமான வரி. குரூப்பில் பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கேட்டது பதில், அவர்கள் தலையில் ஏற்றிக்கொள்வதோ முழு வேலை.

ஆகவே, வேலையைப் பற்றி ஓரளவு தெரிந்த ஒருவர், கொஞ்ச நேரம் லேப்டாப்பைத் திறக்கும் நிலையில் இருந்தால், 10.50-க்கு இப்படி எழுதலாம்:

“பார்த்தேன் மேம். வடக்கு மட்டும்தான் தப்பா, மத்த மண்டலமும் தப்பான்னு இப்போ செக் பண்ணி 11.30-க்குள்ள இங்கேயே சொல்றேன். சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்னு அதுக்கப்புறம்தான் தெரியும். ரிவ்யூ நியூயார்க் 9 மணிதானே?”

நான்கே வாக்கியங்கள். இதில் அவர் ஒப்புக்கொண்டிருப்பது நாற்பது நிமிட வேலை. அதுவும் திருத்துவதற்கு அல்ல, பார்த்துச் சொல்வதற்கு. பிழையின் காரணமே தெரியாத நேரத்தில் “முடிச்சிடறேன்” என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது என்பதை மூன்றாவது வாக்கியம் பணிவாகவே சொல்லிவிடுகிறது. “பாக்கறேன்” என்று மட்டும் விட்டிருந்தால் மேனேஜர் 11 மணிக்கு “என்னாச்சு?” என்று கேட்டிருப்பார், 11.10-க்கு மறுபடியும் கேட்டிருப்பார். 11.30 என்று ஒரு நேரத்தைக் கொடுத்ததால் அதுவரை அவர் கேட்க மாட்டார். மற்ற ஆறு பேருக்கும் வேலை யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கடைசிக் கேள்விக்கு மேனேஜர் ஒரே சொல்லில் பதில் எழுதலாம். அந்த ஒரு சொல்லில் ராத்திரியே மாறிவிடலாம்.

பெரிய இணையச் சேவைகளை இரவு பகலாகக் கண்காணிக்கும் பொறியாளர்களிடம் இந்தப் பழக்கம் முறையாகவே இருக்கிறது. அவர்களுடைய எச்சரிக்கைக் கருவிகளில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு ஒரு பொத்தானும் ‘சரியாகிவிட்டது’ என்பதற்கு இன்னொரு பொத்தானும் உண்டு. முதலாவதை அழுத்தினால் அலாரம் அடுத்த ஆளை எழுப்பப் போவதை நிறுத்தும், அவ்வளவுதான். பழுது நீங்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் அப்படி இரண்டு பொத்தான் கிடையாது என்பதால், அந்தப் பிரிவினையை ஆட்களே வாக்கியத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

சொன்ன நேரம் வந்ததும், விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதியாக வேண்டும். நம் உதாரணத்தில் 11.25-க்கு அவர் கண்டுபிடித்தது இது: முந்தைய நாள் வடக்கு மண்டலத்திலிருந்து வந்த கோப்பு இரண்டு தடவை ஏறியிருக்கிறது. அவர் எழுதுகிறார்: “வடக்கு மட்டும்தான் மேம், மத்ததெல்லாம் சரியா இருக்கு. நேத்து ஃபைல் ரெண்டு தடவை லோட் ஆகியிருக்கு. டபுளா இருக்கறதை எடுத்துட்டு மறுபடி ஓட்ட ஒரு மணி நேரம் போதும். ஆனா டெலிட் பண்ற அனுமதி டேட்டாபேஸ் டீம்கிட்ட இருக்கு. காலைல 9 மணிக்கு அவங்க வந்ததும் வாங்கிட்டா மதியத்துக்குள்ள சரியான ரிப்போர்ட் போயிடும். இன்னைக்கே வேணும்னா அவங்க நைட் ஷிஃப்டை நீங்க கூப்பிடணும்.”

இங்கே அவர் எதையும் மறுக்கவில்லை. இரண்டு வழிகளையும் அவற்றுக்கு ஆகும் நேரத்தையும் வைத்துவிட்டு, முடிவை மேனேஜரிடம் விட்டிருக்கிறார். இரவில் இன்னொரு டீமை எழுப்பும் அதிகாரம் மேனேஜருக்குத்தான் உண்டு, அந்தச் சங்கடமும் அவருடையதாகவே இருக்கட்டும். முதல் மூன்று வாக்கியங்களை அவர் அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி கிளையன்ட்டுக்கு அனுப்பிவிடலாம். பெரும்பாலான மேனேஜர்கள் அதைச் செய்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

உட்காரவே முடியாத இரவுகளும் இருக்கின்றன. பயணம், காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, அல்லது வெறும் களைப்பு. அப்போது நீண்ட விளக்கம் எழுதுவதுதான் பலர் செய்யும் தவறு. காரணத்தை விரிக்க விரிக்க அது விவாதத்துக்குரிய பொருளாகிவிடும். ஏழு பேர் முன்னிலையில் வீட்டு விவரங்களும் பரப்பி வைக்கப்படும். “இன்னைக்கு நைட் என்னால சிஸ்டம்ல உட்கார முடியாது மேம். காலைல 7 மணிக்கு எடுத்துக்கறேன். போன வாரம் இதே ரிப்போர்ட்டை செக் பண்ணின குறிப்பு டீம் ஃபோல்டர்ல இருக்கு, யாராவது எடுத்தா உதவும்” என்பது போதும். இல்லை என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. மேனேஜர் வேறு ஆளைத் தேட நேரம் இருக்கிறது. வேறு ஒருவருக்கு இந்த வேலை தெரியும் என்றால், அவர் பெயரைக் குரூப்பில் போட்டு இழுத்துவிடக் கூடாது. முதலில் தனியாக அவரிடம் கேட்பதுதான் நாகரிகம்.

தூங்கிவிட்டுக் காலையில் பார்ப்பவர்கள், மன்னிப்பிலிருந்து தொடங்காமல், இரவு நடந்ததை முழுக்கப் படித்துவிட்டு எழுதுவது நல்லது. வேலை முடிந்திருந்தால் “இப்போதான் பார்த்தேன். இதுல நான் செய்ய வேண்டியது ஏதாவது மிச்சம் இருக்கா?” என்பதற்கு மேல் தேவையில்லை. ராத்திரி தூங்கியதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பதற்றத்தில் ஒரு பகுதி, படிப்பவரே உண்டாக்கிக்கொள்வது. லாரா ஜியுர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலக நேரத்துக்கு வெளியே அவசரமில்லாத மெயில் பெறுபவர்கள், அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட வேகமான பதிலை அவர் எதிர்பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். “இதற்கு உடனே பதில் வேண்டாம்” என்று அனுப்புபவர் ஒரு வரி சேர்த்தாலே அந்த இடைவெளி குறைகிறது. அதனால் குரூப் செய்தியில் ‘அர்ஜென்ட்’ என்ற சொல்லைவிட மூன்று விஷயங்களைத் தேடலாம்: குறிப்பிட்ட நேரம் ஏதாவது சொல்லியிருக்கிறதா, வெளியாள் யாராவது காத்திருக்கிறாரா, காலைவரை விட்டால் சேதம் கூடுமா. மூன்றும் இல்லையென்றால் “காலைல முதல் வேலையா எடுத்துக்கறேன்” என்பது முழுமையான பதில்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரான்ஸில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், நேரம் கடந்து வரும் செய்திகளைப் படிக்கவோ பதில் சொல்லவோ ஊழியர் மறுக்கலாம். மறுப்பது நியாயமற்றதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நியாயமா என்று பார்க்கும்போது, எதற்காகத் தொடர்புகொண்டார்கள், அது எவ்வளவு தொந்தரவு, கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, ஊழியரின் பொறுப்பு என்ன, குடும்பச் சூழல் என்ன என்றெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள். மேனேஜர் செய்தி அனுப்புவதையே அந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. இந்தியாவில் இதே நோக்கத்தோடு சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. நிறுவனத்தின் கொள்கையும் மேனேஜரின் குணமும்தான் இங்கே எல்லை.

ஆகவே, மேனேஜர்களிடம் ஒரு வேண்டுகோள். “யாராவது பாருங்க” என்பதை விட்டுவிட்டு, யார் பார்க்க வேண்டும், எந்த ஊர் நேரத்தில் எத்தனை மணிக்குள், இன்றிரவு தேவைப்படுவது திருத்தமா தகவலா என்று எழுதுங்கள். காலைவரை பொறுக்கும் விஷயமென்றால் அதையும் சேர்த்துவிடுங்கள். உண்மையிலேயே பொறுக்காது என்றால் குரூப்பை விட்டுவிட்டு, அன்றைய முறைக்காரரை ஃபோனில் கூப்பிடுங்கள். அப்படி ஒரு முறை உங்கள் டீமில் இன்னும் வகுக்கப்படவில்லை என்றால், நாளைக்குப் பகல் மீட்டிங்கில் அதை முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.