பணம் போனது, சீட் வரவில்லை

சென்னையிலிருந்து நாகர்கோவில் போகும் இரவுப் பேருந்து. 22ஆம் சீட், கட்டணம் 850 ரூபாய். பயணி செல்பேசியில் பொத்தானை அழுத்துகிறார். அந்த நொடியில் டிக்கெட் நிறுவனத்தின் கணினிகளில் இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டும். அவருடைய வாலட்டில் 850 ரூபாய் குறைய வேண்டும், 22ஆம் சீட் அவர் பெயருக்கு மாற வேண்டும். இரண்டும் நடந்தால் சரி. இரண்டுமே நடக்காவிட்டாலும் பாதகமில்லை, மறுபடி முயன்று பார்ப்பார். ஒன்று நடந்து மற்றது நிற்கும்போதுதான் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைப்பு போகிறது.

இரண்டு விவரமும் ஒரே டேட்டாபேஸில் இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. `BEGIN` என்று தொடங்கி, இரண்டு மாற்றங்களையும் எழுதி, `COMMIT` என்று முடித்துவிடலாம். நடுவில் மின்சாரம் போனாலும், டேட்டாபேஸ் மறுபடி எழும்போது இரண்டு மாற்றங்களும் இருக்கும், இல்லையென்றால் இரண்டுமே இருக்காது. ஆனால் நிறுவனம் வளர வளர, வாலட்டுக்கு ஒரு டேட்டாபேஸ், சீட்டுகளுக்கு இன்னொன்று என்று பிரித்துவிடுகிறார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் குழுக்களும் வேறாகின்றன. ஒன்றில் கொடுக்கும் `COMMIT` மற்றதைக் கட்டுப்படுத்தாது.

இந்த நிலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் எழுதும் நிரல் எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. முதலில் வாலட்டில் கழி, பிறகு சீட்டை மாற்று. கழித்த பிறகு, மாற்றுவதற்கு முன் நிரல் செத்துப்போனால் பணம் போய்விட்டது, சீட் இல்லை. வரிசையைத் திருப்பிப் போட்டால் சீட் போய்விட்டது, பணம் வரவில்லை. நட்டம் பயணியிடமிருந்து நிறுவனத்துக்கு இடம் மாறுகிறதே தவிர, ஓட்டை அடைபடவில்லை.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. நிரல் சாகவில்லை. சீட் டேட்டாபேஸுக்குக் கட்டளை போயிற்று, பதில் மட்டும் வரவில்லை. ஐந்து விநாடி காத்திருந்து ‘டைம் அவுட்’ ஆகிவிட்டது. சீட் மாறியதா, மாறவில்லையா? கட்டளை போகும் வழியில் தொலைந்திருக்கலாம். வேலை முடிந்து, பதில் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நிரலுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தோற்றுவிட்டது என்று முடிவுகட்டிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், பயணி இலவசமாக நாகர்கோவில் போய்ச் சேரலாம். வலைப்பின்னலில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடையும் இருக்கிறது. இந்தத் துறையின் பாதி தலைவலி அந்த மூன்றாவது விடையால் வருவது.

இதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் மருந்து இருகட்ட கமிட். ஐ.பி.எம். ஆய்வாளர் ஜிம் கிரே 1978இல் வெளியிட்ட குறிப்புகளில் இது விளக்கமாக இருக்கிறது. நடுவே ஓர் ஒருங்கிணைப்பாளர் நிரல் இருக்கும். முதல் கட்டத்தில் அது இரண்டு டேட்டாபேஸ்களையும் ‘தயாரா?’ என்று கேட்கும். ‘தயார்’ என்று சொல்லும் டேட்டாபேஸ், மாற்றத்தை வட்டில் எழுதி, அந்த வரிகளைப் பூட்டி வைக்கும். அதன் பிறகு தானாகப் பின்வாங்க அதற்கு உரிமை கிடையாது. இரண்டும் தயார் என்றால் இரண்டாம் கட்டத்தில் ‘முடி’ என்ற உத்தரவு போகும். ஒன்று மறுத்தாலும் இரண்டுக்கும் ‘விடு’ என்ற உத்தரவு.

தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் ஒருங்கிணைப்பாளரே விழுந்துவிட்டால்? வாலட் டேட்டாபேஸ் ‘தயார்’ என்று சொல்லிவிட்டது. முடிக்கவும் முடியாது, விடவும் முடியாது, ஏனென்றால் மறுபக்கம் ‘முடி’ என்ற உத்தரவு போயிருக்குமோ என்னவோ. ஒருங்கிணைப்பாளர் திரும்பி வரும்வரை பூட்டு அவிழாது. அதுவரை அந்தப் பயணியின் வாலட்டிலிருந்து வேறு எதற்கும் பணம் எடுக்க முடியாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம். `PREPARE TRANSACTION` கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால், டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி இயக்கினாலும் அந்தப் பூட்டு போகாது. `pg_prepared_xacts` என்ற பட்டியலில் அது உட்கார்ந்திருக்கும். யாரோ ஒருவர் கையால் `COMMIT PREPARED` அல்லது `ROLLBACK PREPARED` கொடுக்க வேண்டும். நள்ளிரவில் அழைக்கப்படும் நிர்வாகி, மறுபக்கம் என்ன நடந்தது என்று தெரியாமலே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். தவறாகத் தேர்ந்தால், எந்தப் பாதிக்கோளாறைத் தவிர்க்க இவ்வளவும் செய்தோமோ அதுவே நேர்ந்துவிடும். `max_prepared_transactions` என்ற அமைப்பைப் போஸ்ட்கிரெஸ் 0 என்று வைத்தே தருகிறது. அதாவது, கேட்டால் ஒழிய இந்த வசதி கிடையாது. சாதாரண பயன்பாட்டு நிரல்களுக்கானது அல்ல இது என்று அதன் கையேடும் சொல்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இ-பே நிறுவனத்தின் டான் பிரிட்செட் 2008இல் எழுதிய கட்டுரையில் இதைப் போட்டுக் காட்டினார். இரண்டு டேட்டாபேஸ்களும் தனித்தனியே 99.9 விழுக்காடு நேரம் இயங்குபவை என்றால், இரண்டும் சேர்ந்து இயங்கும் நேரம் 99.8 விழுக்காடுதான். மாதத்துக்கு 43 நிமிடம் கூடுதலாகக் கடை மூடிக் கிடக்கும்.

இருகட்ட கமிட்டே உதவாது என்று சொல்லமாட்டேன். கூகுளின் ஸ்பேனர் அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே ஒருங்கிணைப்பாளருக்கே பல நகல்கள் உண்டு, ஒன்று விழுந்தால் இன்னொன்று தொடரும். பத்துப் பேர் வேலை செய்யும் டிக்கெட் நிறுவனத்துக்கு அந்த வசதி வாய்க்காது. தவிர, இரண்டாவது தரப்பு டேட்டாபேஸாகவே இல்லாமல் வங்கியின் கட்டண வாசலாகவோ எஸ்.எம்.எஸ். சேவையாகவோ இருந்தால், அது ‘தயாரா?’ என்ற கேள்விக்கே பதில் சொல்லாது.

அவுட்பாக்ஸ் முறை, இரண்டும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையே கைவிடுகிறது. அலுவலகத்தில் முடிவெடுத்த கையோடு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தபால் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். தபால்காரர் எப்போது வருவார் என்பது பிறகு. அந்தப் பதிவேட்டை டேட்டாபேஸுக்குள்ளேயே ஓர் அட்டவணையாக வைப்பதுதான் இது. சீட் டேட்டாபேஸில் நடப்பதைப் பாருங்கள்:

```sql
BEGIN;
UPDATE seats SET status='held', booking='B7301'
 WHERE bus='N14' AND seat=22 AND status='free';
INSERT INTO outbox (id, kind, booking, amount)
 VALUES ('m-5519', 'DEBIT', 'B7301', 850);
COMMIT;
```

சீட் ‘விற்றாயிற்று’ என்று ஆகவில்லை, ‘பிடித்து வைத்தாயிற்று’ என்றுதான் ஆகியிருக்கிறது. முதல் கட்டளை ஒரு வரியைக்கூட மாற்றவில்லை என்றால் வேறு யாரோ முந்திவிட்டார், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மாற்றியிருந்தால், ‘850 ரூபாய் கழி’ என்ற செய்தியும் அதே `COMMIT`இல் சேர்ந்து எழுதப்படுகிறது. சீட் பிடித்தும் செய்தி எழுதாமல் போவதற்கு வழியே இல்லை. இரண்டும் ஒரே டேட்டாபேஸ் அல்லவா?

இனி ‘ரிலே’ என்ற சிறு நிரல் அவுட்பாக்ஸைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அனுப்பாத செய்தியை எடுத்து வாலட் பக்கம் அனுப்பும். ‘கிடைத்தது’ என்று பதில் வந்தால், ‘அனுப்பியாயிற்று’ என்று குறிக்கும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். அனுப்பியபின், குறிப்பதற்குள் ரிலே செத்துப்போனாலும் எழுந்து வந்து மறுபடி அனுப்பும். ஆக, செய்தி ஒருமுறையாவது போய்ச் சேரும். இருமுறையும் போகலாம். 850 ரூபாய் இருமுறை கழிந்தால் கதை கந்தல். அதனால் வாலட் பக்கமும் ஓர் அட்டவணை வேண்டும்:

```sql
BEGIN;
INSERT INTO inbox (id) VALUES ('m-5519');
UPDATE wallet SET balance = balance - 850
 WHERE owner='U88' AND balance >= 850;
INSERT INTO outbox (id, kind, booking)
 VALUES ('w-2040', 'DEBITED', 'B7301');
COMMIT;
```

`inbox` அட்டவணையில் ஒரே எண் இருமுறை நுழைய முடியாதபடி கட்டுப்பாடு உண்டு. இரண்டாம் முறை வந்த செய்தி முதல் வரியிலேயே முட்டி நின்றுவிடும், பணத்தைத் தொடாது. வாலட்டில் பணம் போதவில்லை என்றால் `DEBITED` என்பதற்குப் பதில் ‘பணம் இல்லை’ என்ற செய்தி எழுதப்படும். சீட் பக்கம் அந்தப் பதிலைப் பார்த்து, டிக்கெட்டை உறுதிசெய்யும், இல்லையென்றால் சீட்டை விடுவிக்கும்.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அப்புறம் வருகிறது. பிடித்து வைத்த சீட்டைக் காலவரையின்றி வைத்திருக்க முடியாது. பத்து நிமிடத்தில் விடுவிப்பார்கள் என்று வையுங்கள். வாலட் டேட்டாபேஸ் பன்னிரண்டு நிமிடம் படுத்துவிட்டது. எழுந்ததும் 850 ரூபாயைக் கழித்துவிட்டு `DEBITED` அனுப்புகிறது. அதற்குள் 22ஆம் சீட் வேறொருவருக்குப் போய்விட்டது. சீட் பக்கம் அந்தச் செய்தியை வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு உறுதிசெய்யக் கூடாது. `B7301` இன்னும் பிடித்து வைத்த நிலையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தன் அவுட்பாக்ஸில் `REFUND` என்று எழுத வேண்டும். ஒரே டேட்டாபேஸில் `ROLLBACK` இலவசமாகச் செய்ததை, இங்கே நாமே யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. இந்த முறையின் உண்மையான விலை அதுதான்.

இன்னொரு கண்ணி, ரிலே செய்திகளை எண் வரிசையில் எடுப்பது. 101ஆம் எண் பெற்ற பரிவர்த்தனை மெதுவாக ஓடுகிறது, 102 அதற்கு முன்பே கமிட் ஆகிவிடுகிறது. ‘102 வரை முடித்தேன்’ என்று ரிலே குறித்துக்கொண்டால், பிறகு கமிட் ஆகும் 101 அதன் கண்ணில் படவே படாது. சோதனையில் இது சிக்காது, கூட்டம் மிகுந்த பண்டிகை நாளில்தான் சிக்கும். கடைசி எண்ணை நம்பாமல், ‘அனுப்பியாயிற்று’ குறி இல்லாத வரிகளைத் தேடி எடுத்தால் தப்பலாம். டேட்டாபேஸின் மாற்றப் பதிவையே, கமிட் ஆன வரிசையில் படிக்கும் டெபீசியம் போன்ற கருவிகளும் இருக்கின்றன.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று அறிய ஓர் எண் போதும்: அவுட்பாக்ஸில் அனுப்பப்படாமல் கிடக்கும் மிகப் பழைய செய்தியின் வயது. அது சில விநாடிகளில் இருந்தால் நலம். நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் ரிலே விழுந்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு செய்தி எத்தனை முறை அனுப்பினாலும் தோற்று, பின்னால் வருபவற்றை மறித்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டதைச் சில முயற்சிகளுக்குப் பின் ஒதுக்கிவைத்து, மனிதர் ஒருவர் பார்க்கும்படி விட வேண்டும்.

நடுவிலிருக்கும் அந்தச் சில விநாடிகள் பயணிக்கும் தெரியும். அப்போது திரை ‘உறுதிசெய்யப்படுகிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘தோல்வி’ என்று காட்டினால் அவர் இன்னொரு டிக்கெட் போட்டுவிடுவார். இரண்டு விவரத்தையும் ஒரே டேட்டாபேஸில் வைக்க முடியுமானால் வைத்துவிடுங்கள் என்பதே என் கட்சி. பிரித்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் அவுட்பாக்ஸ்.

வங்கிகளுக்கு இடையேயும் பணம் இப்படிப் பாதியில் நிற்பதை ரிசர்வ் வங்கி கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. 2019 செப்டம்பரில் அது வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, பெறுபவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு, அதை நீங்கள் கேட்காமலே தர வேண்டும்.