முப்பது பேர், ஒரு பஸ், ஒரு கணக்கு

சென்னை அலுவலகம் ஒன்றிலிருந்து முப்பது பேர் ஒருநாள் சுற்றுலா போவதற்கு மாமல்லபுரம் தோதான இடம். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். புதுச்சேரிக்குப் போவதுபோல் பஸ்ஸுக்கு வெளிமாநில பெர்மிட் எடுக்க வேண்டியதில்லை. காலையில் வெயில் ஏறுமுன் சிற்பங்கள், நண்பகலில் விடுதிக்குள் விளையாட்டு, மாலையில் கடற்கரை என்பது பொருத்தமான வரிசை. அங்கே கடலில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. நிகழ்ச்சியில் அதைச் சேர்க்கவே கூடாது.

சிக்கல் எழுவது பணத்தில். பஸ் வாடகை, டிரைவர் பேட்டா, விடுதி, விளையாட்டுச் சாமான் எல்லாம் 30,000 ரூபாய், சாப்பாடு தலைக்கு 600 என்று வைத்துக்கொண்டால் ஒருவர் பங்கு 1,600. கடைசி நேரத்தில் ஐந்து பேர் பின்வாங்கினாலும் பஸ் வாடகை குறையாது. மற்றவர்களின் பங்கு 1,800 ஆகிவிடும். மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த 30,000 ரூபாயை நிறுவனமே ஏற்றால், யார் வராவிட்டாலும் பிறர் சுமை கூடாது. மிஞ்சுவது சாப்பாட்டுச் செலவு 18,000. அதைச் சம்பளத்துக்கேற்பப் பிரிக்கலாம்: மேலாளர்கள் ஐவருக்கு 1,200, நடுநிலையில் பத்துப் பேருக்கு 600, புதியவர்கள் பதினைந்து பேருக்கு 400. கணக்கு நேராகிவிடும். ஆனால் ஒரு மேலாளர் வராவிட்டால் 600 ரூபாய் துண்டு விழும். ஆகவே அவர்களுக்குச் சாப்பாட்டுக் காசான 600 மட்டுமே திரும்பும் என்பதை வசூலிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.