மாவில் இரும்பைக் கலந்தால் குளிசை தேவையில்லையா?

"உப்பில அயடீன் கலக்கிறாங்க. அதே மாதிரி கோதுமை மாவுலயும் இரும்புச்சத்தைக் கலந்துட்டா, நாங்க இந்தக் குளிசையைத் தினமும் முழுங்கத் தேவையில்லதானே மிஸ்ஸி?" கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணித் தாய்மார் இப்படிக் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்விதான். நமது தோட்டங்களிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் என்ன நடந்தது என்று தெரிந்தால் பதிலும் விளங்கிவிடும்.

சத்துக் குறைவைத் தீர்க்க அரசாங்கங்கள் இரண்டு வழிகளைக் கையாளுகின்றன. ஒன்று, குறைவு உள்ளவருக்குக் குளிசையாகவோ மருந்தாகவோ கையில் கொடுப்பது. மற்றது, எல்லோரும் வாங்கும் உணவில் தொழிற்சாலையிலேயே சத்தைக் கலந்துவிடுவது. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் கலக்கப்படுவது இரண்டாவது வகை. உப்பை எல்லா வீட்டிலும் வாங்குகிறார்கள். ஏழை, பணக்காரர் எல்லோரும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சாப்பிடுகிறார்கள். அதனால் அந்த வழி பலித்தது.

தோட்டத்து ரொட்டியில் நடந்த சோதனை

தோட்டப் பகுதிகளில் ரொட்டிதான் பெரும்பாலும் சாப்பாடு. ஆகவே இரும்பைச் சேர்க்க மாவே நல்லது என்று நிபுணர்கள் எண்ணினார்கள். ஒரு கிலோ மாவுக்கு 66 மில்லிகிராம் இரும்புத் தூள் கலந்து, தோட்டக் குடும்பங்களுக்கு இரண்டு வருடங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வகை இரும்புத் தூள்கள் சோதிக்கப்பட்டன. 2004ஆம் ஆண்டு முடிவு வெளியானது. இரும்பு கலந்த மாவைச் சாப்பிட்டும் இரத்தச் சோகை குறையவில்லை.

ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய் ஒரு நாளைக்கு 300 கிராம் மாவில் சுட்ட ரொட்டி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் சேர்த்த இரும்பு சுமார் 20 மில்லிகிராம். வாயில் போவதெல்லாம் இரத்தத்தில் சேராது. மாவில் கலக்கும் இந்த இரும்புத் தூள் வயிற்றில் எளிதில் கரைவதில்லை. தானியத்தில் இயற்கையாக உள்ள ஒரு பொருளும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரொட்டியோடு தேத்தண்ணியும் குடித்தால், சாயத்தில் உள்ள துவர்ப்பு மீதியையும் தடுக்கும். நூற்றில் ஐந்து பங்கு உடலில் சேர்ந்தால்கூட அது 1 மில்லிகிராம்தான்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஒரு தாய்க்கு நாளொன்றுக்கு சுமார் 6 மில்லிகிராம் இரும்பு இரத்தத்தில் சேர வேண்டும். கிளினிக் குளிசை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது நன்றாகக் கரையும் வகை. அதில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே 6 மில்லிகிராம் கிடைத்துவிடும். அந்தத் தாயின் தேவையை மாவு மட்டும் நிரப்ப முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. இரண்டு வயதுப் பிள்ளையின் நிலைமையும் அதுதான். அது தின்னும் அரை ரொட்டியில் எவ்வளவு இரும்பு இருக்கப்போகிறது?

இன்னுமொன்று. இரத்தச் சோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. கொக்கிப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தால், எதைச் சாப்பிட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான். பூச்சி மருந்தும் மலசலகூடமும் செருப்பும் சேர்ந்தால்தான் அது தீரும்.

விற்றமின் ஏ விசயம் வேறு

விற்றமின் ஏ குறைந்தால் மாலையில் கண் மங்கும், பிள்ளைகளுக்கு நோயை எதிர்க்கும் பலமும் குறையும். இந்தச் சத்தை உடல் ஈரலில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு பிள்ளைக்குப் பெரிய அளவில் ஒரு தரம் கொடுத்தால் நாலு முதல் ஆறு மாதம் வரை தாங்கும். இரும்பை அப்படி மொத்தமாகக் கொடுத்தால் நஞ்சாகிவிடும். ஆகவேதான் விற்றமின் ஏயை மாதங்கள் இடைவெளி விட்டும், இரும்புக் குளிசையைத் தினமும் கொடுக்கிறார்கள். சிரமம் எங்கே என்பதும் இதில் தெரிகிறது. ஒரு தரம் வாயில் ஊற்றிவிட்டால் விற்றமின் ஏயின் வேலை முடிந்தது. இரும்போ, கிளினிக்கில் வாங்கியது போதாது, வீட்டில் தினமும் முழுங்கினால்தான் பலன்.

விற்றமின் ஏயை உணவில் கலந்து வென்ற நாடும் உண்டு. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் 1970களின் நடுவில் சீனியில் கலந்தார்கள். பிள்ளைகளின் இரத்தத்திலும் தாய்ப்பாலிலும் அந்தச் சத்து கூடியது. சில வருடங்களில் கலப்பது நின்றுபோனது. பிறகு 1980களின் பிற்பகுதியில்தான் மறுபடி தொடங்கினார்கள். தொழிற்சாலையில் நின்றால் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் நின்றுவிடும், வாங்குகிறவருக்கோ தெரியவே தெரியாது. இந்த வழியின் பலவீனம் அதுதான்.

செலவு யாருக்கு?

உணவில் கலப்பது மலிவு. கிலோவுக்குச் சிறு தொகைதான் கூடும், அதையும் பெரும்பாலும் வாங்குகிறவரே விலையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். விற்றமின் ஏ மருந்தின் விலையும் சொற்பம்தான். ஆனால் அதை ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் சேர்க்க ஆளும் நாளும் வாகனமும் வேண்டும். அந்தச் செலவு மருந்தின் விலையைவிடப் பல மடங்கு. கிளினிக் நாளில் கொழுந்து மலைக்குப் போய்விட்ட தாயை அது எட்டாது. மாவோ சீனியோ கடைக்குப் போகும் எல்லோரையும் எட்டும். ஆனால் யாருக்கு அதிகம் தேவை என்று அதற்குத் தெரியாது. எனவே பொதுவான அடிமட்டத்தை உயர்த்த உணவு, பெருந்தேவை உள்ளவருக்குக் குளிசை என்று இரண்டையும் சேர்த்து நடத்துவதே சரி.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

இரும்புக் குளிசையைச் சின்னப் பிள்ளைகள் இனிப்பு என்று எண்ணித் தின்றுவிடுவதுண்டு. 10 கிலோ நிறையுள்ள பிள்ளை பத்துக் குளிசை தின்றால் 600 மில்லிகிராம். அது உயிருக்கே ஆபத்தான அளவு. முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், சில வேளை இரத்தமும் போகும். பிறகு பிள்ளை தேறிவிட்டது போலத் தெரியும். அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. அதற்குப் பிறகுதான் திடீரென்று மோசமாகும். எத்தனை தின்றது என்று சரியாகத் தெரியாவிட்டாலும், வாந்திக்காகக் காத்திருக்காமல், மீதிக் குளிசைப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லயத்து அறையில் கையெட்டும் இடத்தில் குளிசை இருக்கக் கூடாது.

விற்றமின் ஏயைப் பெரிய அளவில் கர்ப்பிணிகள் எடுக்கவே கூடாது. வயிற்றில் வளரும் பிள்ளைக்கு ஊனம் வரலாம். பிள்ளைக்குக் கொடுத்த மருந்தைத் தாய் பங்குபோட வேண்டாம். தலசீமியா நோய்க்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுகிறவர்களின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கும். அவர்கள் டாக்டர் சொல்லாமல் இரும்புக் குளிசை எடுக்கக் கூடாது.

குளிசை எடுக்கும்போது மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம். குமட்டினால் விட்டுவிடாமல், படுக்கைக்குப் போகும் நேரத்தில் எடுத்துப் பாருங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி குடிக்காமல் இருங்கள்.