உஷார்! சரியான விடை மாதிரியே வரும் தப்பு விடைகள்: ஐகன் கணக்கில் ஐந்து கண்ணிகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி, பொறியியல் மாணவர்களுக்கு முதல் செமஸ்டர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ தாளின் முதல் யூனிட்டே ஐகன் மதிப்புதான். பி.எஸ்சி. கணிதத்தின் நேரியல் இயற்கணிதத் தாளிலும் இது வராமல் போகாது. வழிமுறை மனப்பாடம், கணக்கும் நீளமில்லை, இது கைக்கு வந்த மார்க் என்று நம்பித்தான் எல்லோரும் போகிறார்கள்.

அந்த நம்பிக்கைதான் ஆபத்து. மற்ற யூனிட்டுகளில் தப்பு செய்தால் விடை கோரமாக வரும், உடனே சந்தேகம் தட்டும். இங்கே அப்படியில்லை. தப்பு விடையும் முழு எண்ணாக, அழகான மூலைவிட்ட அணியாக வந்து நிற்கும். ஒரு முறை சரிபார்த்தால் அதிலும் தேறிவிடும். எந்தத் தப்பை எந்தச் சோதனை பிடிக்கும் என்று தெரிந்தால்தான் தப்பிக்கலாம். பெரும்பாலான இடங்களுக்கு இந்த ஓர் அணியையே எடுத்துக்கொள்வோம்:

```
    2  1  1
A = 1  2  1
    1  1  2
```

கண்ணி 1: முதலிலேயே நிரைகளைச் சுருக்குவது

அணித்தரம் காண நிரைகளைச் சுருக்கிய பழக்கத்தில், ஐகன் மதிப்பு கேட்டாலும் A-ஐ முதலில் முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்து, மூலைவிட்டத்தில் இருப்பதை விடையாக எழுதிவிடுகிறார்கள். நிரை மாற்றம் ஐகன் மதிப்புகளை மாற்றிவிடும்! சின்ன அணியில் பாருங்கள்:

```
2  1      R2 → R2 − (1/2)R1      2   1
1  2                             0  3/2
```

இடப்பக்க அணியின் ஐகன் மதிப்புகள் 3, 1. வலப்பக்க அணிக்கு 2, 3/2. இரண்டுக்கும் பெருக்கல் பலன் 3 தான். ஏனென்றால் இந்த வகை நிரை மாற்றத்தில் அணிக்கோவை மாறாது. ஆக, ‘ஐகன் மதிப்புகளின் பெருக்கல் அணிக்கோவைக்குச் சமமா?’ என்ற சோதனையை மட்டும் போட்டால் தப்பு விடை பாஸாகிவிடும். காட்டிக்கொடுப்பது கூட்டல்தான். மூல அணியின் மூலைவிட்டக் கூட்டல் 4, தப்பு விடையின் கூட்டல் 3½. எப்போதும் இரண்டு சோதனையும் போடுங்கள், கேள்வியில் கொடுத்த அணியை வைத்தே போடுங்கள்.

சரியான வழியில் மூன்று எண்கள் போதும். மூலைவிட்டக் கூட்டல் S1 = 2+2+2 = 6. மூலைவிட்ட உறுப்புகளுக்கான 2×2 சிற்றணிக்கோவைகள் ஒவ்வொன்றும் 4−1 = 3, எனவே S2 = 9. அணிக்கோவை S3 = 2(3) − 1(1) + 1(−1) = 4. இவற்றை வைத்து எழுதினால்:

```
λ³ − 6λ² + 9λ − 4 = 0
(λ − 1)(λ − 1)(λ − 4) = 0
λ = 4, 1, 1
```

குறிகள் மாறி மாறி வர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். S2-க்கு முன் கழித்தல் போட்டவர்களுக்கு மூலங்கள் முழு எண்ணாக வராது. அதுவரை பிழைத்தோம். கூட்டல் 6, பெருக்கல் 4, இரண்டும் சரி.

கண்ணி 2: 0, 0, 0 என்று வரும் ஐகன் வெக்டர்

λ = 4 போட்டால் பிரச்சினை இல்லை. A − 4I-இன் முதல் இரண்டு நிரைகள் (−2, 1, 1), (1, −2, 1). குறுக்குப் பெருக்கல் விதியில் 3, 3, 3 கிடைக்கிறது. சுருக்கினால் X1 = (1, 1, 1).

λ = 1 போட்டதும் கதை மாறுகிறது. மூன்று நிரைகளும் (1, 1, 1) என்றே வரும். பழக்க தோஷத்தில் குறுக்குப் பெருக்கல் போட்டால் 0, 0, 0. அதை அப்படியே ஐகன் வெக்டர் என்று எழுதினால் அந்தப் பகுதி மார்க் போயிற்று, ஏனென்றால் பூச்சிய வெக்டர் ஐகன் வெக்டராகவே ஆகாது. 0, 0, 0 வந்தால் கணக்கு தப்பு என்று பதறவும் வேண்டாம். எடுத்த இரண்டு நிரைகளும் ஒரே சமன்பாடு என்பதே அதற்கு அர்த்தம். வேறு ஜோடி நிரையை எடுத்துப் பாருங்கள். எல்லா ஜோடியும் பூச்சியம் தந்தால், இருக்கிற ஒரே சமன்பாட்டை எழுதுங்கள்:

x + y + z = 0

மூன்று மாறிகள், ஒரு சமன்பாடு. இரண்டை நம் இஷ்டத்துக்கு எடுக்கலாம். x = 0 என்று வைத்தால் X2 = (0, 1, −1). அடுத்ததற்கு y = 0 என்று வைத்து (1, 0, −1) எழுதுவது கைக்குத் தானாக வரும். ‘ஐகன் வெக்டர்கள் காண்க’ என்று மட்டும் கேட்டிருந்தால் அது சரியான விடைதான். ஆனால் ‘செங்குத்து உருமாற்றத்தால் மூலைவிட்டமாக்குக’ என்று கேள்வி தொடர்ந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். இந்த இரண்டையும் புள்ளிப் பெருக்கல் செய்தால் 0 + 0 + 1 = 1. செங்குத்தாக இல்லை!

சமச்சீர் அணியில் வெவ்வேறு ஐகன் மதிப்புக்கான வெக்டர்கள் தாமாகவே செங்குத்தாக இருக்கும். ஒரே மதிப்பு இரண்டு முறை வந்தால் நாம்தான் பார்த்து எடுக்க வேண்டும். மூன்றாவது வெக்டர் (a, b, c) என்று வைத்து இரண்டு நிபந்தனை எழுதுங்கள்: a + b + c = 0, X2-க்குச் செங்குத்தாக b − c = 0. இதிலிருந்து b = c, a = −2b. எனவே X3 = (−2, 1, 1). X1, X2 இரண்டோடும் புள்ளிப் பெருக்கல் பூச்சியம்.

கண்ணி 3: I-ஐ விழுங்கும் கெய்லி–ஹாமில்டன்

λ இருந்த இடத்தில் A எழுதுகிற அவசரத்தில் A³ − 6A² + 9A − 4 = 0 என்று எழுதிவிடுகிறார்கள். அணியிலிருந்து வெறும் 4-ஐக் கழிக்க முடியாது. அது 4I. எழுத்துப் பிழைதானே என்று விடாதீர்கள். இதே பழக்கத்தில் அடுத்த வரியில் நேர்மாறு காணும்போது 9I-க்குப் பதில் வெறும் 9 என்று எழுதினால், அது ஒன்பது உறுப்புகளுக்கும் பரவி, விடை முழுவதும் கெட்டுவிடும்.

A³ − 6A² + 9A − 4I = 0 என்று எழுதி A⁻¹ ஆல் பெருக்கினால் 4A⁻¹ = A² − 6A + 9I. A²-இல் மூலைவிட்டத்தில் 6, மற்ற இடங்களில் 5. எனவே மூலைவிட்டத்தில் 6 − 12 + 9 = 3, மற்ற இடங்களில் 5 − 6 + 0 = −1.

```
              3  −1  −1
A⁻¹ = (1/4)  −1   3  −1
             −1  −1   3
```

சரிபார்க்க முழுப் பெருக்கல் வேண்டாம். A-இன் முதல் நிரையை இதன் முதல் நிரலோடு பெருக்கினால் 6 − 1 − 1 = 4, நாலால் வகுக்க 1. இரண்டாம் நிரலோடு −2 + 3 − 1 = 0. சரி. கேள்வி ‘சரிபார்க்க’ என்று சொல்லியிருந்தால் மட்டும் A³ வரை பெருக்கிக் காட்டியே தீர வேண்டும்.

தேற்றத்தை நிறுவச் சொன்னால் இன்னொரு குழி காத்திருக்கிறது. |A − λI|-இல் λ = A போட்டால் |A − A| = 0, நிறுவப்பட்டது என்று எழுதுவது நிரூபணமே இல்லை. அணிக்கோவை தருவது ஓர் எண், தேற்றம் சொல்வதோ ஓர் அணியை. கெய்லி 1858-இல் இதை வெளியிட்டபோது பொதுவான நிரூபணம் தரவில்லை. அது பின்னாளில் ஃப்ரொபீனியஸிடமிருந்து வந்தது. ஒரே வரியில் முடிகிற சமாச்சாரமாக இருந்தால் கெய்லியே எழுதியிருப்பார்.

கண்ணி 4: மூலைவிட்டம் வந்துவிட்டது, ஆனால் தப்பு

ஐந்திலும் மோசமானது இதுதான். X1, X2, X3-ஐ நிரல்களாக வைத்து P என்று எழுதி, நீளத்தால் வகுக்காமலே PᵀAP பெருக்கினால் என்ன வரும்? மூலைவிட்ட அணியே வரும்! மூலைவிட்டத்தில் 12, 2, 6. வெளியே எல்லாம் பூச்சியம். நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள்.

ஆனால் அங்கே வர வேண்டியது 4, 1, 1. ஒவ்வொன்றும் அந்தந்த வெக்டரின் நீள வர்க்கத்தால், அதாவது 3, 2, 6 ஆல் பெருகி நிற்கிறது. இங்கேயும் கூட்டல்தான் காப்பாற்றும்: 12 + 2 + 6 = 20, கொடுத்த அணிக்கோ 6. எனவே X1-ஐ √3, X2-ஐ √2, X3-ஐ √6 ஆல் வகுத்த பிறகே N அணியை எழுதுங்கள். அப்போது NᵀAN = D, மூலைவிட்டத்தில் 4, 1, 1. நிரல்களை எந்த வரிசையில் வைத்தீர்களோ அதே வரிசையில்தான் ஐகன் மதிப்புகளும் வரும்.

அணி சமச்சீர் இல்லை என்றால் இந்த முறையைத் தொடவே கூடாது. Nᵀ-க்குப் பதில் P⁻¹ வேண்டும், அதுவும் போதுமான வெக்டர்கள் கிடைத்தால்தான். இதைப் பாருங்கள்:

```
2  1
0  2
```

ஐகன் மதிப்பு 2, 2. A − 2I போட்டால் y = 0 மட்டுமே மிஞ்சுகிறது, வெக்டர் (1, 0) ஒன்றுதான். இரண்டாவதை எங்கே தேடினாலும் கிடைக்காது. ‘மூலைவிட்டமாக்க இயலாது’ என்று காரணத்தோடு எழுதுவதே முழு விடை. இரண்டாவது நிரலாக (2, 0) போட்டு ஒப்பேற்றினால் P-இன் அணிக்கோவை பூச்சியமாகி P⁻¹-இல் சிக்கிக்கொள்வீர்கள்.

கண்ணி 5: இருபடி வடிவத்தில் பாதியாக்க மறப்பது

2x² + 2y² + 2z² + 2xy + 2yz + 2zx என்று கேள்வி வருகிறது. வர்க்க உறுப்புகளின் கெழுக்கள் அப்படியே மூலைவிட்டத்தில் போகும். xy, yz, zx கெழுக்களைப் பாதியாக்கி இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். செய்தால் கிடைப்பது நம் A தான். வடிவம் 4y₁² + y₂² + y₃² ஆகிறது. மூன்றும் நேர் எண்கள், எனவே முழு நேர்மறை வடிவம், தரம் 3.

பாதியாக்க மறந்தால் எல்லா இடத்திலும் 2 உள்ள அணி வரும். அதன் ஐகன் மதிப்புகள் 6, 0, 0. கூட்டல் 6, பெருக்கல் 0, அந்த அணிக்கு இரண்டுமே பொருந்தும்! ஆனால் தரம் 1 ஆகிவிடும், வடிவத்தின் இயல்பும் ‘அரை நேர்மறை’ என்று மாறிவிடும். தப்பு நடந்தது அணி எழுதியபோதே என்பதால், அதற்குப் பின் போடும் எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது.

எனவே ஐகன் மதிப்பில் கைவைக்கும் முன்பே ஒரு புள்ளியைப் போட்டுப் பாருங்கள். x = 1, y = −1, z = 0 என்றால் கேள்வியில் உள்ள கோவை 2 + 2 − 2 = 2. தப்பான அணி தருவது 2 + 2 − 4 = 0. ஒத்துப்போகாவிட்டால் அணியை அங்கேயே அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். x = 1, y = 0, z = 0 மாதிரிப் புள்ளியை மட்டும் எடுக்காதீர்கள். குறுக்கு உறுப்புகள் எல்லாம் பூச்சியமாகி, தப்பான அணியும் சரி என்றே சொல்லும்.