அடிவாய் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

தமிழ்வழியில் பள்ளி முடித்து, இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கும் மாணவி ஒருத்தி, ஆங்கிலப் பாடநூலில் இருந்த டிரான்சிஸ்டர் பெருக்கியின் சுற்றுப்படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினாள். அதிலுள்ள பெயர்களைத் தமிழில் எழுதித் தரவேண்டும்.

முதல் பெயர் ‘பேஸ்’. அகராதியைப் புரட்டினால் அடிப்படை, தளம், காரம் என்று பல பொருள் கிடைக்கும். வேதியியலில் அது காரம்தான். டிரான்சிஸ்டரில் அது அடிவாய். ஆனால் படத்தில் அடிவாய் அடியில் இல்லையே, நடுவில் அல்லவா இருக்கிறது என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் செய்த முதல் டிரான்சிஸ்டரில், ஒரு ஜெர்மானியத் துண்டின் மேல் இரண்டு தங்க முனைகள் அழுந்தி நின்றன. அடியில் கிடந்த அந்தத் துண்டுதான் ‘பேஸ்’. பிறகு வந்த டிரான்சிஸ்டர்களில் அது நடுவிலுள்ள மெல்லிய அடுக்காகிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. நம் பாடநூல்களின் ‘அடிவாய்’ அந்தப் பழைய அடியை இன்னும் சுமக்கிறது.

மற்ற இரண்டு முனைகள் உமிழ்ப்பான், ஏற்பான். புகைப்படத்தில் பெயர்கள் கம்பிகளை விட்டுத் தள்ளி நின்றதால், எது எதற்கு என்று குறியீட்டைப் பார்த்தே முடிவு செய்தேன். அம்பு உள்ள முனை எப்போதும் உமிழ்ப்பான். R1, RE, Vcc போன்றவற்றை மாற்றவில்லை. அடுத்த பக்கச் சமன்பாடுகளில் அவள் அதே எழுத்துகளைத்தான் தேடுவாள்.

சிக்கல் R1-இன் மதிப்பில் வந்தது. 4-க்கும் 7-க்கும் இடையே ஏதோ மங்கலாகத் தெரிந்தது. 47 கிலோ ஓமா, 4.7 கிலோ ஓமா? சுற்றையே கேட்டுப் பார்த்தோம். மின்னழுத்தம் 12 வோல்ட், R2 10 கிலோ ஓம், RE 1 கிலோ ஓம், ஏற்பானின் மின்தடை 4.7 கிலோ ஓம். R1 47 என்றால், அடிவாயில் 12-ஐ 57-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்க, ஏறத்தாழ 2.1 வோல்ட் வரும். அதில் 0.7 கழிய, உமிழ்ப்பானில் 1.4 வோல்ட், மின்னோட்டம் 1.4 மில்லி ஆம்பியர். ஏற்பானின் மின்தடையில் 6.6 வோல்ட் போக, ஏற்பானில் 5.4 வோல்ட் நிற்கும். சைகை மேலும் கீழும் அசைய இடம் இருக்கிறது. 4.7 என்று கொண்டால் அடிவாயில் 8 வோல்ட்டுக்கு மேல் வந்து, மின்னோட்டம் 7 மில்லி ஆம்பியரைத் தாண்டவேண்டும். அப்போது ஏற்பானின் மின்தடையில் மட்டுமே 30 வோல்ட்டுக்கு மேல் விழவேண்டும். இருப்பதோ 12. டிரான்சிஸ்டர் தெவிட்டிப் போகும், பெருக்கவே பெருக்காது.

47 என்று எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தை வெயிலில் வைத்து மறுபடி படமெடுக்கச் சொன்னேன். நடுவில் இருந்தது காகிதத்தின் கறை.