ஸ்ப்ரேயின் முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே வாங்கினால், பெட்டிக்குள் பல மடிப்பாக மடித்த தாள் ஒன்று கூடவே வரும். பொடி எழுத்து. பெரும்பாலும் பெட்டியோடு அதுவும் குப்பைக்குப் போய்விடுகிறது. பிறகு சில நாளில், 'அடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை' என்ற புலம்பல் வரும். பல நேரம் தவறு மருந்தில் இல்லை, அடித்த விதத்தில் இருக்கிறது.

தூசு ஒவ்வாமையால் மூக்கடைத்து, இரவெல்லாம் வாயால் மூச்சு விடும் நாற்பது வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். மருத்துவர் மொமெட்டாசோன் ஸ்ப்ரே எழுதித் தருகிறார்: ஒவ்வொரு துளையிலும் இரண்டு அடி, தினம் ஒரு முறை. அவர் அண்ணாந்து, முனையை நேராக உள்ளே செருகி, அடித்த கையோடு 'சர்ர்' என்று பலமாக உறிஞ்சுகிறார். தொண்டையில் மருந்தின் சுவை தட்டுகிறது. மருந்து இறங்கிவிட்டது என்று அவருக்குத் திருப்தி. உண்மையில் அந்தச் சுவைதான் தவறைக் காட்டிக்கொடுக்கிறது. மூக்கில் தங்க வேண்டியதில் பெரும்பங்கு வயிற்றுக்குப் போய்விட்டது.

மூக்கின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். இரு துளைகளுக்கும் நடுவே ஒரு சுவர். எதிர்ப்பக்கம், அதாவது கன்னத்தை ஒட்டிய வெளிச்சுவரில், சதை மடிப்புகள் உள்ளன. ஒவ்வாமையில் வீங்கி மூச்சை அடைப்பவை முக்கியமாக இந்த மடிப்புகள்தான். மருந்து படிய வேண்டிய இடமும் அதுவே. நடுச்சுவரின் முன்பகுதியிலோ மெல்லிய ரத்தக்குழாய்கள் மேலாகவே ஓடுகின்றன. மருந்து தினமும் அங்கேயே பீய்ச்சினால் அந்த இடம் காய்ந்து பொருக்குத் தட்டி, ரத்தம் கசியும்.

ஆகவே முனை நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது. அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இதற்கு எளிய வழி கையை மாற்றுவது. இடது துளைக்கு வலது கை, வலது துளைக்கு இடது கை. அப்படிப் பிடித்தாலே முனை தானாக வெளிப்பக்கம் திரும்பிவிடும்.

நம்மவர் மறுபடி தொடங்குகிறார். முதலில் மூக்கை மெல்லச் சிந்துகிறார். சளி அப்பியிருந்தால் மருந்து சளி மேல்தான் படியும் என்பதால், உப்புநீர் ஸ்ப்ரேயால் கழுவிச் சில நிமிடம் விடுவதும் நல்லது. புட்டியைக் குலுக்குகிறார். புதுப் புட்டி என்றால் காற்றில் சில முறை அழுத்தி, சீரான புகைமூட்டம் வரும்வரை பார்க்க வேண்டும். எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளி விழுந்தால் மறுபடி அழுத்த வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். தாளைப் பார்ப்பதே சரி. பிறகு தலையைச் சற்று முன்னே குனிந்து, முனையைக் கொஞ்சமே நுழைத்து, வெளிப்பக்கம் சாய்த்து, மெல்ல மூச்சிழுத்தபடி அழுத்துகிறார். மூச்சை வாய் வழியே விடுகிறார். முனையைத் துடைத்து மூடி போடுகிறார். அடித்த உடனே மூக்குச் சிந்தினால் மருந்தும் போய்விடும்.

மூன்றாம் நாளும் அடைப்பு முழுதாக விடவில்லை. இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்துகள் ரத்தக்குழாயைச் சுருக்கி நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இதையும் எடைபோடுகிறார்கள். ஸ்டீராய்டு ஸ்ப்ரே அழற்சியை மெல்ல மெல்லத் தணிப்பது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், அதுவும் தினமும் விடாமல் அடித்தால். உடனே திறக்கும் சொட்டு மருந்தையோ ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும்.

ஸ்டீராய்டு என்றதும் வரும் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மொமெட்டாசோன், ஃப்ளூட்டிகசோன் போன்றவை சொன்ன அளவில் மூக்கில் அடிக்கும்போது உடலுக்குள் சேர்வது மிகக் குறைவு. மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டோடு ஒப்பிட முடியாது. ஆனால் கண்ணழுத்த நோய், கண்புரை இருப்பவர்களும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களும், எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிர் சாப்பிடுபவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூக்கில் ரத்தம் கசிந்தால் சில நாள் நிறுத்தி, முனையின் திசையைச் சரிபார்க்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரியாக அடித்தும் சில வாரங்களில் மாற்றமில்லை என்றால், அடைப்பு வேறு காரணத்தால் இருக்கலாம். வளைந்த நடுச்சுவரை எந்த ஸ்ப்ரேயும் நிமிர்த்தாது. ஒரு பக்கம் மட்டும் விடாமல் அடைத்து, அந்தப் பக்கமே ரத்தமும் கசிந்தால், அடுத்த புட்டி வாங்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.